பேங்க் மெயிலில் வந்த கடன் தவணை விவரத்தைச் சித்தப்பாவுக்குத் தமிழில் எழுதணும்: 'மொரட்டோரியம் 6 மாதம்' வரியை எப்படி எழுதுவது?

மதுமிதா_கோவை:

சித்தப்பா கணபதியில் லேத் பட்டறை வச்சிருக்கார். புது மெஷின் வாங்க 10 லட்சம் டேர்ம் லோன் சாங்ஷன் ஆகியிருக்கு. 2025 நவம்பர் கடைசியில் பேங்க்ல இருந்து ஒரு மெயில் வந்தது. கண்டிஷன் ஒரு பக்கம், தவணை அட்டவணை மூணு பக்கம், எல்லாம் இங்கிலீஷ். அவருக்குத் தமிழ் நல்லா படிக்க வரும், கணக்கில் கெட்டி. இங்கிலீஷ்தான் வராது. "எதை எப்போ கட்டணும்னு நான் படிச்சுப் புரிஞ்சுக்கிற மாதிரி எழுதிக் கொடு கண்ணு"ன்னு கேட்டிருக்கார்.

மெயிலில் இருக்கிறதன் சாரம்: கடன் 10,00,000. மொத்தக் காலம் 66 மாதம், அதில் 6 மாதம் மொரட்டோரியம். வட்டி ரெப்போ 5.50 சதவீதம், அதோட ஸ்ப்ரெட் 5.00, ஆக 10.50, ஃப்ளோட்டிங், மூணு மாசத்துக்கு ஒருமுறை ரீசெட். மொரட்டோரியம் காலத்தில் 'இன்ட்ரஸ்ட் டு பி சர்வீஸ்டு ஆஸ் அண்ட் வென் டெபிட்டட்'. தாமதமானால் ஆண்டுக்கு 2 சதவீதம் பீனல் சார்ஜ். முன்கூட்டி அடைத்தால் 2 சதவீதம்.

மற்றதை ஓரளவு எழுதிட்டேன். மொரட்டோரியம் வரியில்தான் தயக்கம். 'கடன் தவணை ஒத்திவைப்பு 6 மாதம்'னு எழுதினா சித்தப்பா ஆறு மாசம் பணமே எடுத்து வைக்க மாட்டார். அது சரியா? யாராவது சொல்லுங்க.

தறிக்காரன்_குமாரபாளையம்:

சரிதான் தங்கச்சி. மொரட்டோரியம்னா ஆறு மாசம் கட்ட வேண்டாம். கொரோனா சமயத்தில் 2020 மார்ச்சில் ரிசர்வ் பேங்க் கொடுத்தப்போ எங்க தறி லோனுக்கு ஆகஸ்ட் வரைக்கும் நான் ஒரு ரூபாய் கட்டல. பேங்க்ல இருந்து ஒருத்தரும் கேட்கல. அப்படியே எழுதிக் கொடுங்க, பெரியவர் மெஷினை ஓட்டி நாலு ஆர்டர் பிடிக்கட்டும்.

செல்வம்_ஸ்டோர்ஸ்:

மாசா மாசம் ஸ்டாக் ஸ்டேட்மென்ட் கொடுக்கலைன்னா வட்டியை ஏத்திடுவாங்க, அதையும் எழுதுங்க. எங்க கடைக்குச் சரக்கு மேல எடுத்த கேஷ் கிரெடிட், அதான் சிசி அக்கவுன்ட்ல போன வருஷம் ரெண்டு மாசம் விட்டுப்போச்சு, உடனே சார்ஜ் போட்டுட்டாங்க. டிராயிங் பவரும், அதாவது நாம எடுக்கக்கூடிய தொகையும், குறைஞ்சிடும். உங்க சித்தப்பாவைப் பத்தாம் தேதிக்குள்ள கொடுக்கச் சொல்லுங்க.

மதுமிதா_கோவை:

அண்ணா, இது சிசி இல்ல, மெஷின் வாங்குற டேர்ம் லோன். ஸ்டாக் ஸ்டேட்மென்ட் பத்தி மெயிலில் எதுவும் இல்ல. ஆனாலும் நன்றி.

ஓய்வு_கிளைமேலாளர்:

மதுமிதா, நிறுத்துங்க. 'கட்ட வேண்டாம்'னு மட்டும் எழுதிடாதீங்க.

முதல்ல அட்டவணையை எடுங்க. ஒவ்வொரு வரியிலயும் தேதி, வட்டி, அசல், மீதிப் பாக்கின்னு நாலு பத்தி இருக்கும். முதல் ஆறு வரியில் மீதிப் பாக்கி என்ன காட்டுதுன்னு பாருங்க. ஏழாவது வரிக்கு வரும்போது அந்தத் தொகை 10,00,000 ஆகவே நிக்குதா, இல்ல ஏறியிருக்கா? பதில் அந்த ஒரு இடத்துலயே இருக்கு.

மொரட்டோரியத்தில் ரெண்டு வகை உண்டு. ஒண்ணு, அசலுக்கு மட்டும் விடுப்பு. வட்டியை மாசா மாசம் கட்டியே ஆகணும். இன்னொண்ணு, ரெண்டுக்கும் விடுப்பு. அப்போ ஆறு மாச வட்டி அசலோட சேரும். 10.50 சதவீதத்தில் 10 லட்சத்துக்கு ஆறு மாசம் வட்டி சேர்ந்தா பாக்கி சுமார் 10,53,660 ஆகும். அட்டவணையில் ஏழாவது மாசத் தொடக்கத்தில் இப்படி ஒரு தொகை இருந்தா தறிக்காரர் தம்பி சொல்றது சரி. 10,00,000 அப்படியே இருந்தா, வட்டியை நீங்க தனியாக் கட்டியிருப்பீங்கன்னு வச்சுத்தான் பேங்க் கணக்குப் போட்டிருக்கு.

மதுமிதா_கோவை:

பார்த்தேன் சார். அப்படியே போடுறேன்:

டிசம்பர் 31: வட்டி 8,750, அசல் 0, மீதி 10,00,000
ஜனவரி 31: வட்டி 8,750, அசல் 0, மீதி 10,00,000
இதே மாதிரி மே 31 வரைக்கும்.
ஜூன் 30: வட்டி 8,750, அசல் 12,744, தவணை 21,494, மீதி 9,87,256
ஜூலை 31: வட்டி 8,638, அசல் 12,856, தவணை 21,494, மீதி 9,74,400

முதல் ஆறு வரியில் தவணைங்கிற கட்டம் மட்டும் காலியா இருக்கு. அதனாலதான் எனக்குக் குழப்பம்.

ஓய்வு_கிளைமேலாளர்:

அந்தக் காலிக் கட்டம்தான் ஆபத்து. தவணைன்னு பேர் வச்ச கட்டத்தில் ஒண்ணும் இல்லைங்கிறதால கட்ட ஒண்ணும் இல்லைன்னு படிக்கிறாங்க. பக்கத்துல வட்டிக் கட்டத்தில் 8,750 நிக்குது பாருங்க. மீதி ஏறவே இல்லைன்னா அந்த 8,750 ஒவ்வொரு மாசமும் உங்க சித்தப்பா கையிலிருந்து போகணும். மெயிலில் இருக்கிற 'சர்வீஸ்டு ஆஸ் அண்ட் வென் டெபிட்டட்' சொல்றதும் அதேதான். மாசக் கடைசியில் கடன் கணக்கில் வட்டியைப் பற்று வைப்பாங்க, வச்சதும் கட்டணும்.

இதில் என்ன கோளாறு நடக்கும்னு என் அனுபவத்தில் சொல்றேன். தவணைக்கான ஆட்டோ டெபிட் ஜூன்லதான் ஆரம்பிக்கும். இடைப்பட்ட ஆறு மாச வட்டியை நடப்புக் கணக்கிலிருந்து தானா எடுக்கிற ஏற்பாடு பல கிளைகளில் செய்யாம விட்டுடுவாங்க. நடப்புக் கணக்கில் பணம் இருக்கும், கடன் கணக்கில் வட்டி நிலுவையில் நிக்கும். கடன்காரர் பணம் வச்சுக்கிட்டே தவறியவர் ஆயிடுவார். நிலுவை விழுந்த அன்னிக்கே சிஸ்டம் எஸ்எம்ஏ-0ன்னு முதல் எச்சரிக்கைக் குறி போடும். 30 நாள் தாண்டினா எஸ்எம்ஏ-1, 60 தாண்டினா எஸ்எம்ஏ-2, 90 தாண்டினா வாராக்கடன். வட்டி மட்டும் நிலுவைன்னாலும் இதே கணக்குதான். டிசம்பர் 31 வட்டியைக் கட்டாம 'ஜூன்லதானே'ன்னு இருந்தா, மார்ச் கடைசியிலேயே கணக்கு கெட்டுப்போகும். முதல் தவணை வரவே இன்னும் ரெண்டு மாசத்துக்கு மேல இருக்கும்!

தறிக்காரன்_குமாரபாளையம்:

ஐயா, அப்போ 2020-ல எனக்கு மட்டும் எப்படி?

ஓய்வு_கிளைமேலாளர்:

அது ரெண்டாவது வகை தம்பி. அப்போ ரிசர்வ் பேங்க் அசல், வட்டி ரெண்டையும் ஒத்திவைக்க அனுமதி கொடுத்தது. ஆனா வட்டி ஓடிக்கிட்டேதான் இருந்தது. உங்க கடைசித் தவணைத் தேதி தள்ளிப் போயிருக்கும், இல்ல தவணை கூடியிருக்கும். பழைய ஸ்டேட்மென்டை எடுத்துப் பாருங்க.

தறிக்காரன்_குமாரபாளையம்:

ஆமாங்கய்யா, கடைசில எட்டு மாசம் கூட வந்தது. அதுக்கு இதுதான் காரணம்னு யாரும் சொல்லல.

ஆனா ஒண்ணு. போன வருஷம் ஒரு தறி லோன் எடுத்தேன், அதிலும் மொரட்டோரியம் இருந்தது. வட்டியை நான் போய்க் கட்டல, கரண்ட் அக்கவுன்ட்ல இருந்து தானா எடுத்துக்கிட்டாங்க. அதனால எல்லா கிளையும் அப்படி இல்ல.

ஓய்வு_கிளைமேலாளர்:

இருக்கலாம். சில இடத்தில் ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்ஷன் போட்டுடுவாங்க. அதனால மதுமிதா, கிளையில் ஒரே கேள்வி கேளுங்க: "மே வரைக்கும் வட்டியை எந்தக் கணக்கிலிருந்து, எந்தத் தேதியில், யார் எடுக்கிறீங்க?" பதிலை மெயிலாகவே வாங்கிக்குங்க.

கடன் ஒப்பந்தத்தையும் பாருங்க. ஒவ்வொரு தொகையும் எந்தத் தேதியில் கட்டணும்னும், மொரட்டோரியம் இருந்தா கட்டுறது சரியா எந்தத் தேதியில் ஆரம்பிக்குதுன்னும் ஒப்பந்தத்தில் எழுதணும்னு 2021 நவம்பரில் ரிசர்வ் பேங்க் சுற்றறிக்கையே இருக்கு. அந்தப் பக்கம் காலியா இருந்தா கையெழுத்துக்கு முன்னாடி நிரப்பச் சொல்லுங்க.

ரேவதி_மொழிபெயர்ப்பு:

நான் வங்கி, காப்பீட்டு ஆவணங்களைத் தமிழாக்கும் வேலை செய்கிறேன். மதுமிதாவுக்கு ஒரு யோசனை. மொரட்டோரியத்துக்கு ஒரு தமிழ்ச் சொல் தேடுவதை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். சித்தப்பாவுக்குத் தேவை தேதியும் ரூபாயும். 'மே 31 வரை வட்டி மட்டும் கட்ட வேண்டும். அசல் கட்ட வேண்டாம். ஜூன் 30 முதல் வட்டியும் அசலும் சேர்த்து 21,494 ரூபாய்.' இதைப் படித்தவர் தவறாகப் புரிந்துகொள்ள வழியில்லை.

ஆனால் மொரட்டோரியம் என்ற சொல்லைத் தமிழ் எழுத்தில் ஒருமுறையாவது உள்ளே வையுங்கள். கிளையில் அவரிடம் பேசுகிறவர் அந்தச் சொல்லைத்தான் சொல்வார். ஸ்ப்ரெட், ரீசெட், பீனல் சார்ஜ் எல்லாமே அப்படித்தான். தூய தமிழில் மட்டும் எழுதிக் கொடுத்தால் கவுன்டரில் அவர் கையில் இருக்கும் தாளும் எதிரில் இருப்பவர் பேச்சும் ஒட்டாது.

இன்னொன்று: மூலத்தில் இருக்கும் எண்களைச் சுருக்காதீர்கள். 21,494-ஐ '21 ஆயிரத்து சொச்சம்' என்று எழுதி, அவர் 21,400 வைத்திருந்தாலும் தவணை திரும்பிவிடும்.

ஓய்வு_கிளைமேலாளர்:

ரேவதி அம்மா சொன்னது முழுக்கச் சரி. எண்ணைப் பத்தி ஒரே ஒரு விலக்கு. மொரட்டோரியம் காலத்து 8,750-ஐ உறுதியா எழுதாதீங்க. அட்டவணை வருஷத்தைப் பன்னிரண்டாப் பிரிச்சுப் போட்டது. பற்று வைக்கும்போது நாள் கணக்கில் வைப்பாங்க. முழு 10 லட்சமும் கொடுத்திருந்தா 31 நாள் மாசத்துக்கு 8,918 வரும், பிப்ரவரிக்கு 8,055 வரும். 8,750 மட்டும் கட்டிட்டு இருந்தா 168 ரூபாய் பாக்கி நிக்கும். அந்த 168 ரூபாயும் சிஸ்டத்துக்கு நிலுவைதான். 'ஒவ்வொரு மாசமும் 9,000 இருப்பு வை, பாஸ்புக்கில் எவ்வளவு பற்று வச்சிருக்காங்களோ அதைக் கட்டு'ன்னு எழுதுங்க.

அது முழுத் தொகையும் கொடுத்திருந்தாத்தான். மெஷின் கடனில் அப்படி ஒரே நாளில் கொடுக்கிறது குறைவு. எவ்வளவு கொடுத்திருக்காங்க?

மதுமிதா_கோவை:

டிசம்பர் 1-ம் தேதி அட்வான்ஸுக்கு 3 லட்சம் நேரா மெஷின் கம்பெனிக்குப் போயிருக்கு. பாக்கி 7 லட்சம் டெலிவரி அன்னிக்கு. டெலிவரி ஜனவரி கடைசின்னு சொல்றாங்க.

ஓய்வு_கிளைமேலாளர்:

அப்போ டிசம்பர், ஜனவரியில் வட்டி 3 லட்சத்துக்கு மட்டும்தான். மாசம் 2,600, 2,700 வரும். 8,750 கேட்டா ஏன்னு கேளுங்க.

ஆனா வேற ஒண்ணைக் கவனிங்க. மொரட்டோரியம் ஆறு மாசத்தை முதல் பணம் கொடுத்த நாளிலிருந்து எண்ணியிருக்காங்க. டிசம்பரில் தொடங்கி மே வரைக்கும்னு அட்டவணையே சொல்லுது. மெஷின் ஜனவரி கடைசியில் வந்தா ஓட்டிச் சம்பாதிக்க நாலு மாசம் கிடைக்கும். மார்ச் கடைசிக்குத் தள்ளிப்போனா ரெண்டே மாசம். ஜூன் 30 தேதி நகராது. டெலிவரி தாமதமாகும்னு தெரிஞ்ச உடனே மொரட்டோரியத்தை நீட்டிக் கேட்டு எழுத்தில் மனு கொடுக்கணும். ஜூன் வந்த பிறகு கேட்டா அது மறுசீரமைப்புன்னு ஆயிடும், கடன் வரலாற்றில் கறை. சித்தப்பாவுக்கு எழுதுற தாளில் இது இருக்கணும். மெயிலில் இந்த வரி இல்லைன்னாலும் சேருங்க.

ரேவதி_மொழிபெயர்ப்பு:

சார், இங்கே மட்டும் நான் மாறுபடுகிறேன். மெயிலில் இல்லாததை மொழிபெயர்ப்புக்குள் சேர்க்கக் கூடாது. பிறகு ஒரு தகராறு வந்தால் எது வங்கி சொன்னது, எது நாம் சொன்னது என்று தெரியாமல் போகும். மேலே வங்கி சொன்னது மட்டும், கீழே கோடு போட்டு 'கவனிக்க வேண்டியது' என்று தனியாக.

ஓய்வு_கிளைமேலாளர்:

அது நியாயம். அப்படியே பண்ணுங்க.

அருண்_ஆடிட்டர்_ஆபீஸ்:

பீனல் சார்ஜ் பத்தி யாரும் சொல்லலையே. 2 சதவீதம்னா, ஒரு மாசம் தவறினா வட்டி 10.50 போய் 12.50 ஆயிடும், மொத்தக் கடனுக்கும். கிளையன்ட்ஸ்கிட்ட நாங்க அப்படித்தான் சொல்லி பயமுறுத்தி வச்சிருக்கோம். 'வட்டி 12.50 ஆகும்'னு எழுதிடுங்க.

ஓய்வு_கிளைமேலாளர்:

அது பழைய நடைமுறை தம்பி, ஒரு காலத்தில் அப்படித்தான் போட்டோம். 2023 ஆகஸ்டில் ரிசர்வ் பேங்க் மாத்திடுச்சு. 2024 ஏப்ரலிலிருந்து புதுக் கடன்களுக்கு அபராதத்தை வட்டி விகிதத்தோட சேர்க்கக் கூடாது. அது தனிக் கட்டணம், அது மேல வட்டியும் ஏறக் கூடாது.

மதுமிதா, மெயிலில் 2 சதவீதத்துக்குப் பக்கத்தில் எதன் மேலன்னு இருக்கு?

மதுமிதா_கோவை:

'ஆன் தி ஓவர்டியூ அமவுன்ட்'னு இருக்கு சார்.

ஓய்வு_கிளைமேலாளர்:

அப்போ தவறிய தொகை மேல மட்டும். 8,918 ரூபாய் வட்டியை 20 நாள் தாமதமாக் கட்டினா அபராதம் பத்து ரூபாய்கூட முழுசா வராது. அருண் தம்பி சொல்ற மாதிரி 10 லட்சத்துக்கும் போட்டா 1,096 வரும். நூறு மடங்குக்கு மேல வித்தியாசம். அதனால அந்த வரியை 'கட்டத் தவறிய தொகைக்கு மட்டும்'னு எழுதுங்க. 'கடனுக்கு 2 சதவீதம்'னு எழுதிட்டா, தப்பாப் பிடிச்சாலும் சித்தப்பா சரின்னு விட்டுடுவார்.

ஆனா பத்து ரூபாய்தானேன்னு அவர் அலட்சியமா இருக்கவும் கூடாது. ஜூனுக்கப்புறம் தவணை திரும்பினா ரிட்டர்ன் சார்ஜ் தனியா ஜிஎஸ்டியோட வரும், அது சில நூறு. கிரெடிட் ரிப்போர்ட்டில் எத்தனை நாள் தாமதம்னும் பதிவாகும். அடுத்து சிசி லிமிட் கேட்கப் போகும்போது அதைத்தான் முதல்ல புரட்டுவாங்க.

அருண்_ஆடிட்டர்_ஆபீஸ்:

சரி சார், ஏத்துக்கிறேன். ஆனா ஃப்ளோட்டிங் விஷயத்தில் நான் சொல்றது சரிதான்னு நினைக்கிறேன். டிசம்பர் 5-ம் தேதி ரெப்போ 5.50-லிருந்து 5.25 ஆயிடுச்சு. அவங்க மெயில் நவம்பர்ல வந்தது, அதில் 5.50 இருக்கு. அப்போ அட்டவணையே பழசு. 10.25-க்குப் புது அட்டவணை கேட்கணும், தவணை 21,370 ஆகும்.

ஓய்வு_கிளைமேலாளர்:

இது பாதி சரி. சிறு தொழில் கடன் எல்லாம் 2019 அக்டோபரிலிருந்து ரெப்போ மாதிரி வெளி அளவுகோலோட கட்டியிருக்கணும், மூணு மாசத்துக்கு ஒரு தடவையாவது மாத்தணும். ஆனா ரெப்போ இறங்கின அன்னிக்கே உங்க வட்டி இறங்காது. ரீசெட் தேதி வரணும். அது கடன் கொடுத்த நாளிலிருந்து மூணு மாசமா, இல்ல காலாண்டு முதல் தேதியான்னு பேங்குக்கு பேங்க் மாறும். மார்ச் 1-ன்னா ஒரு கணக்கு, ஜனவரி 1-ன்னா ஒரு கணக்கு. ஜூனுக்குள்ள எப்படியும் ஒரு ரீசெட் வந்துடும், அதனால முதல் தவணையே 21,494 ஆக இருக்காதுன்னு நினைக்கலாம். இடையில் ரெப்போ ஏறினா அதுக்கேத்த மாதிரி கூடும்.

ஸ்ப்ரெட் 5.00-ஐ சித்தப்பாவுக்கு விளக்கணும்னா, அது பேங்க் தன் பங்குக்கு வைக்கிற பகுதி, ரெப்போ ஏறி இறங்குறதால அது மாறாதுன்னு சொன்னாப் போதும்.

மதுமிதா_கோவை:

வட்டி இறங்கினா தவணை குறையுமா, இல்ல அதே தவணையில் மாசம் குறையுமா?

ஓய்வு_கிளைமேலாளர்:

மெயிலில் இல்லைன்னா நான் யூகிக்க மாட்டேன். கேட்க வேண்டிய பட்டியலில் சேருங்க.

இன்னொரு முக்கியமான சங்கதி. நீங்க இவ்வளவு கஷ்டப்பட்டு எழுதுறதில் ஒரு பகுதி பேங்க்கோட வேலை. 2024 அக்டோபர் 1-லிருந்து சில்லறைக் கடனுக்கும் சிறு தொழில் டேர்ம் லோனுக்கும் கேஎஃப்எஸ் கொடுத்தே ஆகணும். 'கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மென்ட்'னு ரெண்டு மூணு பக்கத் தாள். கடன் வாங்குறவருக்குப் புரியிற மொழியில் அது இருக்கணும், விளக்கிச் சொல்லிப் புரிஞ்சதுன்னு கையெழுத்தும் வாங்கணும். எல்லாக் கட்டணமும் சேர்த்த ஆண்டு விகிதம் அதில் இருக்கும், தவணை அட்டவணையும் கூட இணைச்சிருக்கும். உங்க சித்தப்பா எதில் கையெழுத்துப் போட்டார்?

மதுமிதா_கோவை:

இங்கிலீஷ் தாளில்தான் சார். 'எனக்குப் புரியிற மொழியில் விளக்கப்பட்டது'ன்னு ஒரு வரிக்குக் கீழ.

ஓய்வு_கிளைமேலாளர்:

நிறைய இடத்தில் அப்படித்தான் நடக்குது, வருத்தமா இருக்கு. தமிழ்ப் பிரதி வேணும்னு கிளைக்கு மெயில் போடுங்க. பல பேங்க்ல தமிழ் வடிவம் தயாராவே இருக்கு, கேட்கிறவங்களுக்குத்தான் பிரிண்ட் எடுக்கிறாங்க. அது வந்தாலும் உங்க தாள் வீணில்ல. கேஎஃப்எஸ் தமிழ் சில சமயம் இங்கிலீஷைவிடக் கடினமா இருக்கும்.

மதுமிதா_கோவை:

எல்லாத்தையும் சேர்த்து எழுதிட்டேன். பாருங்க:

*பேங்க் சொன்னது:*

*சித்தப்பா, உங்களுக்கு அனுமதியான கடன் 10,00,000 ரூபாய். இதை 66 மாதத்தில் அடைக்க வேண்டும். முதல் 6 மாதத்துக்குப் பேங்க் வைத்திருக்கும் பெயர் மொரட்டோரியம். அந்த 6 மாதமும், அதாவது மே 31 வரை, அசல் கட்ட வேண்டாம். ஆனால் வட்டியை மாதாமாதம் கட்ட வேண்டும். மாதக் கடைசியில் கடன் கணக்கில் வட்டியைப் பற்று வைப்பார்கள், வைத்ததும் கட்ட வேண்டும்.*

*ஜூன் 30 முதல் மாதம் 21,494 ரூபாய் தவணை, மொத்தம் 60 தவணை. இதில் வட்டியும் அசலும் சேர்ந்திருக்கும். முதல் தவணையில் 8,750 வட்டிக்கும் 12,744 அசலுக்கும் போகும். போகப் போக வட்டி குறைந்து அசல் கூடும்.*

*இப்போதைய வட்டி ஆண்டுக்கு 10.50 சதவீதம். இதில் 5.50 ரிசர்வ் பேங்க் வைக்கும் ரெப்போ விகிதம், 5.00 பேங்க் சேர்க்கும் ஸ்ப்ரெட். ரெப்போ மாறினால் உங்கள் வட்டியும் மாறும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுவார்கள், அதற்கு ரீசெட் என்று பெயர்.*

*தேதிக்குக் கட்டத் தவறினால், தவறிய தொகைக்கு மட்டும் ஆண்டுக்கு 2 சதவீதம் பீனல் சார்ஜ்.*

*கடனை முன்கூட்டி அடைத்தால் 2 சதவீதம் கட்டணம்.*

———

*நீங்கள் கவனிக்க வேண்டியது (இது பேங்க் எழுதியது இல்லை, நான் எழுதியது):*

*இப்போது 3 லட்சம்தான் கொடுத்திருக்கிறார்கள். மீதி 7 லட்சம் கொடுக்கும் வரை வட்டி மாதம் 2,700 ரூபாய்க்குள் வரும். முழுப் பணமும் கொடுத்த பிறகு 8,000-லிருந்து 9,000 வரை வரும். பாஸ்புக்கில் பார்த்து அதே தொகையைக் கட்டுங்கள். மெஷின் தாமதமானாலும் ஜூன் 30 மாறாது. பிப்ரவரி 15-க்குள் மெஷின் வரவில்லை என்றால் என்னிடம் சொல்லுங்கள், பேங்குக்கு மனு எழுத வேண்டும்.*

ரேவதி_மொழிபெயர்ப்பு:

நன்றாக வந்திருக்கிறது. ஒரே ஒரு திருத்தம். '21,494 ரூபாய் தவணை' என்பதற்குப் பக்கத்தில் 'இப்போதைய வட்டியில்' என்று சேருங்கள். இல்லாவிட்டால் 60 மாதமும் அதே தொகை என்று பேங்க் உறுதி கொடுத்ததுபோல் படிக்கும்.

தறிக்காரன்_குமாரபாளையம்:

அந்த முன்கூட்டி அடைக்கிற 2 சதவீதம் தப்பாச்சே. இப்போ சிறு தொழிலுக்கு அது கிடையாதுன்னு சங்கத்துல சொன்னாங்க.

அருண்_ஆடிட்டர்_ஆபீஸ்:

2025 ஜூலையில் வந்த உத்தரவு அது. ஃப்ளோட்டிங் வட்டி, குறு சிறு நிறுவனம், வணிக வங்கின்னா கட்டணம் வாங்கக் கூடாது. ஆனா 2026 ஜனவரி 1 முதல் அனுமதிக்கிற, இல்ல புதுப்பிக்கிற கடனுக்குத்தான். இவங்களுக்கு நவம்பர்ல சாங்ஷன் ஆயிடுச்சு.

தறிக்காரன்_குமாரபாளையம்:

பணம் பாதிதானே கொடுத்திருக்காங்க? 7 லட்சம் ஜனவரியில்தானே வருது?

ஓய்வு_கிளைமேலாளர்:

உத்தரவு சாங்ஷன் தேதியைத்தான் சொல்லுது, பணம் கொடுத்த தேதியை இல்ல. அதனால பேங்க் 2 சதவீதம் கேட்டா சட்டப்படி தப்புன்னு சொல்ல வழியில்லைன்னு நினைக்கிறேன். ஆனா அந்தக் கட்டணத்தை விட்டுக்கொடுக்கப் பேங்க்குக்கு எந்தத் தடையும் இல்ல. ஒரு மாச வித்தியாசத்தைச் சொல்லி இப்பவே கேட்டுப் பாருங்க, 7 லட்சம் இன்னும் அவங்ககிட்டதான் இருக்கு.

மதுமிதா_கோவை:

திங்கட்கிழமை சித்தப்பாவோட நானும் கிளைக்குப் போறேன். கேட்க வேண்டியது: மே வரைக்கும் வட்டியை யார் எடுக்கிறாங்க, ரீசெட் தேதி எது, வட்டி இறங்கினா தவணை குறையுமா மாசம் குறையுமா, தமிழ் கேஎஃப்எஸ், முன்கூட்டி அடைக்கும் கட்டணம். வேற ஏதாவது விட்டுப்போச்சா?

தறிக்காரன்_குமாரபாளையம்:

மெஷினுக்கு இன்சூரன்ஸ் பிரீமியம் எந்தக் கணக்கிலிருந்து போகும்னு கேளுங்க. எனக்கு ஒரு தடவை அதைக் கடன் கணக்கில் பற்று வச்சு, அதனால தவணைக்கு நிலுவை காட்டுச்சு.

ஓய்வு_கிளைமேலாளர்:

நல்ல கேள்வி. அதையும் சேருங்க.